கனவில் காகம், ஆந்தை வந்தால் கெட்ட சகுனமா? விடியற்காலை கனவு பலிக்கும் என்பது எங்கிருந்து வந்தது?

காகம் தலையில் தட்டியது போல கனவு. திடுக்கிட்டு எழுந்து மணி பார்த்தால் விடியற்காலை 5. அடுத்து பலரும் செய்வது, மொபைலை எடுத்து 'கனவில் காகம் வந்தால் என்ன பலன்' என்று தேடுவதுதான். பத்து பக்கங்களைத் திறந்தால் பத்து விதமான பதில் வரும். முன்னோர் ஆசி என்று ஒன்று சொல்லும், சனி தோஷம் என்று இன்னொன்று பயமுறுத்தும். இந்தப் பலன்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன, தூக்கத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

காகத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பலன்?

பழந்தமிழில் 'புள்' என்றால் பறவை. அதே சொல்லுக்கு சகுனம் என்றும் பொருள் உண்டு. பறவையைப் பார்த்து நல்லது கெட்டது கணிப்பது மொழியிலேயே ஊறிப்போன பழக்கம். ஆனால் சங்க காலக் காகம் கெட்ட செய்தி கொண்டு வரும் பறவை இல்லை. அது கரைந்தால் வீட்டுக்கு விருந்தாளி வருவார் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்துப் பாடிய நச்செள்ளையார் என்ற பெண் புலவருக்கு 'காக்கைபாடினியார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது.

இன்று நம் வீடுகளில் காகத்துக்கு இன்னும் இரண்டு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, அமாவாசைக்கும் திதிக்கும் வைக்கும் சோற்றை எடுக்க வரும் முன்னோர். இன்னொன்று, சனி பகவானின் வாகனம். கனவுப் பலன்களில் இருக்கும் குழப்பத்துக்குக் காரணமே இதுதான். காகம் சோறு சாப்பிடுவது போல கனவு வந்தால், முன்னோர் திருப்தி அடைந்தார்கள் என்பார்கள். அதே காகம் தலையில் தட்டினால் கதை சனி பக்கம் போய்விடும், சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றச் சொல்வார்கள்.

தலையில் தட்டுவதற்கு நிஜ வாழ்க்கையில் ஒரு எளிய காரணம் உண்டு. கூட்டில் குஞ்சு இருக்கும் நாட்களில், அந்த மரத்தடியில் யார் போனாலும் காகம் பின்னாலிருந்து வந்து தலையில் அடித்துவிட்டுப் போகும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் அடிப்பதும் நின்றுவிடும். அதற்குள் பரிகாரம் செய்து முடித்தவருக்கு, பரிகாரம் பலித்துவிட்டது என்று தோன்றுவது இயல்புதானே.

ஆந்தை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். கூகை என்று நாம் சொல்லும் வெள்ளை முக ஆந்தை வீட்டுப் பக்கம் அலறினாலே நம்மூரில் சாவு வரும் என்று பயப்படுவார்கள். வங்காளத்தில் அதே பறவை லட்சுமியின் வாகனம். அது வீட்டுக்கு வந்தால் செல்வம் வருகிறது என்று சந்தோஷப்படுவார்கள். ஒரே ஆந்தையைக் கனவில் பார்த்துவிட்டு கொல்கத்தாக்காரர் சிரித்துக்கொண்டே எழுவார், காரைக்குடிக்காரர் வியர்த்துப்போய் எழுவார். பலன் பறவையிடம் இல்லை, நாம் வளர்ந்த வீட்டில் இருக்கிறது.

விடியற்காலை கனவு பலிக்குமா?

இரவை நான்கு ஜாமமாகப் பிரித்து, முதல் ஜாமத்துக் கனவு பலிக்க ஒரு வருடம் ஆகும், கடைசி ஜாமத்துக் கனவு சீக்கிரம் பலிக்கும் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. இடையில் உள்ள ஜாமங்களின் கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

தூக்கத்தைப் பற்றிய கணக்கு வேறு. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு தூக்கநிலை உண்டு. அமெரிக்காவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மேன் இருவரும் 1953-ல் இதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இது வந்து போகும். முதல் தடவை சில நிமிடங்கள்தான், விடியற்காலையில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். கனவின் நடுவில் விழித்தால்தான் கனவு ஞாபகம் இருக்கும். இரவு 12 மணிக்கு வந்த கனவு மறந்துபோய், 5 மணிக் கனவு மட்டும் அப்படியே நிற்பதற்குக் காரணம் இதுதான். நினைவில் நிற்கிற கனவைத்தானே 'பலித்தது' என்று பிறகு சொல்ல முடியும்?

இன்னொன்றும் நடக்கும். தூங்கும்போது வெளியில் கேட்கும் சத்தம் கனவுக்குள் கலந்துவிடலாம். சூரியன் வருவதற்கு முன்பே காகங்கள் கரையத் தொடங்கிவிடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

அப்பா இறந்து மூன்று மாதம் ஆன ஒருவரை எடுத்துக்கொள்வோம். காரியம் முடியும் வரை தினமும் சோறு வைத்துவிட்டு, காகம் எடுக்குமா என்று மாடியில் நின்று பார்த்திருக்கிறார். ஒருநாள் ரொம்ப நேரம் காகம் வரவே இல்லை. 'அப்பாவுக்கு ஏதோ குறை' என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. இப்போது காகம் சோற்றைத் தொடாமல் தன்னையே பார்ப்பது போல வாரம் இரண்டு முறை கனவு.

இந்தக் கனவுக்குத் தேவையான எல்லாமே அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்பா, காகம், குற்ற உணர்ச்சி, சன்னலுக்கு வெளியே கேட்கும் காகச் சத்தம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இறந்தவர் கனவில் வருவது சாதாரணம். நம் வீடுகளில் அது காக உருவத்திலும் வருவதில் ஆச்சரியம் இல்லை. படையல் வைப்பது மனதுக்கு ஆறுதல் என்றால் தாராளமாக வைக்கலாம். ஆனால் 'தோஷம் பெருசு, உடனே கழிக்கணும்' என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், அந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மனநல மருத்துவத்தில் மருந்தில்லாத ஒரு பயிற்சியே இருக்கிறது. பகலில் அந்தக் கனவை எழுத வேண்டும். முடிவை மட்டும் உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம், உதாரணத்துக்கு காகம் சோற்றை எடுத்துக்கொண்டு பறந்துபோகிறது என்று. மாற்றிய கதையை தினமும் 10 முதல் 20 நிமிடம், விழித்திருக்கும்போதே மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் மாறாது, சில வாரங்கள் ஆகலாம். பழைய விபத்து, வன்முறை போன்றவை கனவாக வருபவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல் மருத்துவர் துணையோடு செய்வது நல்லது.

மாத்திரையையும் கவனியுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனோலால் போன்ற சில மாத்திரைகள் பயங்கரக் கனவுகளைக் கொண்டு வரலாம். புது மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கனவு வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கனவுக்குப் பயந்து தூங்கவே தயங்குவது, பகல் வேலை கெடுவது, இறப்பு நடந்து ஆறு மாதம் கடந்தும் துக்கம் கொஞ்சம்கூட குறையாமல் அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடப்பது, இதில் எது இருந்தாலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.