இரவில் சுடும் சுவர்: கல்வீட்டின் வெக்கையைக் கணக்கிட்டுப் போக்குவது எப்படி?

மீள்குடியேறிய முதல் வருடங்களில் கிளிநொச்சியில் எங்கள் குடும்பம் தகரக் கொட்டிலில் இருந்தது. மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. ஆனால் பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்தில் தகரம் ஆறிவிடும். இரவில் நித்திரை வரும். பிறகு சீமெந்துக் கல்லால் வீடு கட்டினோம். காலையில் வீடு குளிர்மையாக இருந்தது. இரவு பத்து மணிக்கோ சுவரில் கை வைத்தால் சுட்டது. அம்மா பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். "கொட்டில் பரவாயில்லை" என்று அவர் சொன்னது, கட்டட வேலை மேற்பார்வை செய்யும் எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் பிழை இல்லை. பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் வைத்திருக்கிறது. அதை வெளியேற்ற நாங்கள் வழி விடவில்லை. இருட்டினால் எல்லா யன்னலையும் பூட்டுவது எங்கள் வழக்கம். அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் சுவரை ஆற்றக்கூடிய காற்று வெளியே வீசுவதும் அந்த நேரத்தில்தான்.

சுவருக்குள் எவ்வளவு வெப்பம்?

அம்மாவின் அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி. சுவர் 6 அங்குலச் சீமெந்துக் கல், இரு பக்கமும் பூச்சு. யன்னல், கதவைக் கழித்தால் உட்சுவரின் பரப்பு சுமார் 32 சதுர மீற்றர். சுவரின் உட்பாதியை மட்டும் இந்த அறைக்குக் கணக்கெடுக்கிறேன். மறுபாதி வெளிப்புறத்துக்கோ அடுத்த அறைக்கோ உரியது. அந்தப் பாதி ஏறத்தாழ 4,800 கிலோ. 3 அங்குலக் கொங்கிறீற் நிலம் இன்னும் 1,700 கிலோ. மொத்தம் 6,500 கிலோ.

ஒரு கிலோ சீமெந்துக் கட்டு ஒரு பாகை செல்சியஸ் சூடேற ஏறத்தாழ 0.9 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஆகவே இந்த அறையின் சுவரும் நிலமும் ஒரு பாகை ஏறினால் ஏறத்தாழ 5,900 கிலோயூல் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். அறைக்குள் இருக்கும் காற்று ஒரு பாகை ஏற வெறும் 35 கிலோயூல் போதும். படுக்கப் போகுமுன் அரை மணித்தியாலம் யன்னலைத் திறந்து மூடினால் வெக்கை உடனே திரும்பி வருவது இதனால்தான். வெளியே போனது காற்றின் சூடு மட்டும். சுவரின் சூடு அப்படியே இருக்கிறது.

ஓர் இரவில் எவ்வளவு போகும்?

சுவரை ஆற்ற வேண்டுமானால் இரவு முழுக்கக் காற்று ஓட வேண்டும். அறையின் காற்று மணித்தியாலத்துக்குப் பத்துத் தடவை மாறுகிறது என்று வைப்போம். உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் காற்று 3 பாகை சூடாக இருந்தால், மணித்தியாலத்துக்கு 35 × 10 × 3, அதாவது 1,050 கிலோயூல் வெளியேறும். இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை ஒன்பது மணித்தியாலத்தில் ஏறத்தாழ 9,450 கிலோயூல். இதை 5,900 ஆல் வகுத்தால் 1.6 வரும். விடியும்போது சுவர் சுமார் ஒன்றரைப் பாகை ஆறியிருக்கும்.

பத்துத் தடவை என்பது பெரிய காற்றல்ல. இரண்டடிக்கு இரண்டடித் திறப்பில், நுளம்பு வலை பாதிக் காற்றை மறித்தாலும், செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் வரும் மெல்லிய காற்றே போதும். ஆனால் வந்த காற்று போக வழி வேண்டும். ஒரு யன்னலை மட்டும் திறந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கு யன்னலால் காற்று வரும். நாங்கள் அறைக் கதவுக்கு மேலே ஒரு திறப்பு வெட்டி, விறாந்தைப் பக்கத்து யன்னல் வழியாக அது வெளியேற விட்டோம்.

மேலே சுழலும் மின்விசிறி வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஆனால் சுவரின் மேல் காற்றை ஓட்டி வெப்பத்தைச் சுவரிலிருந்து பிரித்தெடுக்கும். ஆகவே யன்னல் திறந்திருக்கும்போதே அதை ஓட விடுவது நல்லது.

மறுநாள் பிற்பகலில் என்ன மிஞ்சும்?

காலையில் கிடைத்த 1.6 பாகை முழுதாகப் பிற்பகல் வரை நிற்காது. ஆறிய சுவர் வெளியிலிருந்தும் கூரையிலிருந்தும் வெப்பத்தைக் கூடுதலாக இழுக்கும். எங்கள் அறையை மூடி வைத்தால், இந்தக் குளிர்மை கரைந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 19 மணித்தியாலம் பிடிக்கும் என்று கணக்கிட்டேன். அதன்படி காலை ஆறிலிருந்து பிற்பகல் மூன்று வரை அறுபது வீதம் மிஞ்சும். அதாவது ஏறத்தாழ ஒரு பாகை.

பகலிலும் யன்னலைத் திறந்து வைத்தால் அந்த 19 மணித்தியாலம் பாதியாகிவிடும். பிற்பகலில் மிஞ்சுவது அரைப் பாகை அளவுதான். ஆகவே வெளிக்காற்று சுவரைவிடச் சூடாகும் நேரத்தில், எங்கள் வீட்டில் காலை எட்டரை அளவில், யன்னலை மூடித் திரை போட வேண்டும். மூடிய அறையில் புழுங்கினால் மின்விசிறியைப் போடுங்கள்.

ஒரு பாகை சிறிதாகத் தோன்றும். ஆனால் அம்மா அதை உணர்ந்தது பிற்பகலில் அல்ல, இரவு பத்து மணிக்கு. சுவர் ஆறியிருப்பதால் கட்டிலை நோக்கி அது வீசும் சூடு குறைகிறது. தொடர்ந்து திறந்தால் மூன்று நாள் வரை பலன் சற்றுக் கூடும். அதன் பின் அந்த அளவிலேயே நிற்கும்.

எங்கே சரிவராது?

இரவுக் காற்று ஆறாத இடத்தில் பலன் குறைவு. கடற்கரையில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் சிறிது. வன்னியின் உட்பகுதியில் அதிகம. மேலே எடுத்த 3 பாகை ஒன்றாகக் குறைந்தால் பலனும் மூன்றில் ஒன்றாகிவிடும். காற்றே வீசாத சித்திரை மாத இரவுகளில் அப்படித்தான் இருந்தது. கீழ்த்தட்டு இல்லாத அஸ்பெஸ்ரஸ் அல்லது தகரக் கூரை பகல் முழுக்க வெப்பத்தைக் கீழே இறக்கும்; அங்கே முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும். பொள்ளல் கல்லுக்கு எடை குறைவு, ஆகவே கணக்கும் குறையும்.

உங்கள் வீட்டில் பலன் உண்டா என்று அறியச் சாதாரண வெப்பமானி ஒன்று போதும். அதன் நுனியை உட்சுவரில் ஒட்டிப் பஞ்சால் மூடுங்கள். இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் பாருங்கள். மூன்று இரவு திறந்தும் மூன்று இரவு பூட்டியும் வைத்து, வெளிவெயில் ஒரே மாதிரியான நாட்களை ஒப்பிடுங்கள். திறந்த இரவில் சுவர் அரைப் பாகைகூட இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் காற்று போகும் வழி அடைபட்டிருக்கும்.

இனி பயத்தைப் பற்றி. யன்னலைத் திறந்துவிட்டுப் படுங்கள் என்று தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் சொல்வது எளிது, அவர் செய்யமாட்டார். அம்மாவும் செய்யவில்லை. யன்னலுக்கு உள்ளிருந்து இரும்புக் கம்பியை ஒட்டு வைத்து இறுக்கி, வலை அடித்து, மேல் திறப்பைக் கை எட்டாத உயரத்தில் வைத்த பிறகுதான் பாய் விறாந்தையிலிருந்து உள்ளே வந்தது. வீடு கட்டப் போகிறவர்கள் இந்தக் கம்பிக்கும் மேல் திறப்புக்கும் அத்திவாரம் போடும்போதே காசு ஒதுக்கி வையுங்கள். பிறகு சுவரை உடைத்து வைக்க எங்களுக்கு அதைவிடக் கூடச் செலவானது.