வாஷ்பேசின் குழாய் இறுக்குதல்

வாஷ்பேசினின் மேல் நிற்கும் பில்லர் காக், கைப்பிடியைத் திருப்பும்போது அடியோடு சேர்ந்து திரும்பினால், அதைப் பேசினோடு பிடித்துவைக்கும் நட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மேலிருந்து இறுக்க வழியில்லை. பிடிமானம் முழுவதும் பேசினின் அடியில்தான் இருக்கிறது.

குழாயின் மரையிட்ட தண்டு பேசினின் துளை வழியாகக் கீழே இறங்குகிறது. அரை அங்குலக் குழாய் என்று கடையில் சொல்லப்படும் இதன் மரையின் வெளிவிட்டம் உண்மையில் 21 மி.மீ. அளவு இருக்கும். இந்தத் தண்டில் இரண்டு நட்டுகள் உண்டு. பேசினின் அடிப்பரப்பை ரப்பர் வாஷரோடு அழுத்தி நிற்கும் மேல் நட்டே பேக் நட். குழாயைப் பிடித்திருப்பது இதுதான். தண்டின் நுனியில் இருக்கும் கீழ் நட் கனெக்‌ஷன் பைப்புக்கு உரியது. கைக்கு எளிதில் எட்டுவது கீழ் நட் என்பதால் பலரும் அதையே முறுக்குகிறார்கள். குழாயின் ஆட்டம் அதனால் நிற்பதில்லை. பைப்பின் உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கி, இல்லாத ஒழுக்கு புதிதாகத் தொடங்கும். சந்தேகமிருந்தால் மேல் நட்டின் மீது விரலை வைத்து, இன்னொருவரைக் குழாயை ஆட்டச் சொல்ல வேண்டும். நட்டுக்கும் பேசினுக்கும் இடையே இடைவெளி திறந்து மூடுவது விரலுக்குத் தெரியும்.

பேசினின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே சாதாரண ஸ்பேனரைத் திருப்ப இடம் போதாது. அதற்கென்று அமைந்ததே பேசின் ரெஞ்ச்: நீண்ட கம்பி, அதன் தலையில் மடங்கும் பல்வைத்த தாடை, கீழ்முனையில் குறுக்குக் கைப்பிடி. தாடை ஒரு திசையில் மட்டுமே நட்டைக் கவ்வும். தாடையை மறுபக்கம் மடித்துப்போட்டால் எதிர்த்திசையில் கவ்வும். கழற்றும் பக்கமாகத் தாடை இருந்தால் ரெஞ்ச் நட்டின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கீழே படுத்து மேல்நோக்கிப் பார்ப்பவருக்குக் கடிகார முள் சுழலும் திசையே இறுக்கும் திசை.

ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, குழாயின் மூக்கு பேசினின் நடுவை நோக்கும்படி ஒருவர் மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டோடு குழாயும் சுழன்று, கனெக்‌ஷன் பைப் முறுக்கிக்கொள்ளும். நட்டை முதலில் விரலாலேயே நிற்கும்வரை சுற்றி, பிறகு ரெஞ்சால் கால் சுற்று முறுக்கிக் குழாயை அசைத்துப் பார்க்கலாம். இன்னும் ஆடினால் மற்றொரு கால் சுற்று. அதற்குமேல் பலத்தைக் காட்டினால் துளையைச் சுற்றிப் பீங்கான் விரிசல் விடும். அந்தப் பேசினை மாற்றத்தான் வேண்டும்.

அரைச் சுற்றுக்குப் பிறகும் குழாய் ஆடினால் குறை வேறிடத்தில் இருக்கிறது. ரப்பர் வாஷர் இற்றுப்போயிருக்கலாம். பிளாஸ்டிக் நட்டில் கீறல் விழுந்திருக்கலாம். அல்லது மரை முடியும் இடத்தில் நட் நின்றுவிட்டு, பேசினைத் தொடாமலே இறுகியதுபோலத் தோன்றலாம். மூன்றாவது நிலையில் தடித்த வாஷர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். இதற்கெல்லாம் கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றியாக வேண்டும்.

ஒற்றைத் துளையில் நிற்கும் மிக்ஸர்கள் பலவற்றில் பேக் நட்டே கிடையாது. மெல்லிய மரைக் கம்பியும் குதிரைலாட வடிவத் தகடும் சிறிய நட்டும் அவற்றைப் பிடித்திருக்கும். அங்கே பேசின் ரெஞ்ச் பயன்படாது; கம்பியை உள்ளே விட்டுக்கொள்ளும் நீண்ட பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும்.

வேலை முடிந்ததும் ஆங்கிள் காக்கைத் திறந்து, பைப் இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். பல நாள் ஆடிய குழாயில் கீழ் நட்டும் நெகிழ்ந்திருப்பது வழக்கம். காகிதம் நனைந்தால் மட்டும் அதைச் சற்றே இறுக்கலாம்.