நந்தனுக்கு ஆண்டை எப்போது வந்தார்? திருநாளைப்போவார் வரலாற்றில் அற்புதமும் சமூகமும்

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நந்தனாரைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் முதலில் வருவது ஆண்டையின் பேச்சுத்தான். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் நந்தன். ஆண்டையோ நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். அந்த வேலை ஒரே இரவில் தெய்வச் செயலால் முடிந்துவிடுகிறது. கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நம்மவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் பெரிய புராணத்தில் இந்த ஆண்டை இல்லை. உத்தரவும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை.

ஓர் அடியாரின் வரலாற்றைச் சான்றாகக் கொள்ள நினைப்பவர்கள் வழக்கமாக அற்புதங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரலாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நந்தன் கதையில் அது பலிக்காது. ஆண்டை அற்புதமல்ல, முற்றிலும் நம்பத்தக்க மனிதர். ஆனாலும் அவர் பிற்காலத்தவர். ஆகவே முதலில் கதையின் அடுக்குகளைக் காலவரிசையில் பிரிக்க வேண்டும். எந்தச் செய்தி எந்த அடுக்கில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்று பார்த்த பிறகே அற்புதத்தில் கைவைக்கலாம்.

மிகப் பழைய அடுக்கு சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அதில் திருநாளைப்போவார் என்ற பெயர் மட்டுமே உண்டு. ஊரும் சாதியும் கதையும் இல்லை. அடுத்தது நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. அதில் ஒரே ஒரு பாட்டு: ஊர் ஆதனூர், பிறப்பு புலை, தில்லைக் கூத்தன் அருளால் அந்தப் புலை நீங்கி முனிவரானார், தில்லை மூவாயிரவர் கைகூப்பினர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலை போனது என்று நம்பி சொல்கிறார், தீயில் போனது என்று சொல்லவில்லை. வேள்வித் தீ நமக்குக் கிடைக்கும் நூல்களில் முதலில் எரிவது பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழாரிடம்தான்.

சேக்கிழார் ஒரு பாட்டை எடுத்து முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்தார். அவர் சோழ அரசின் அமைச்சர் என்பது மரபு. அந்த மரபைச் சொல்லும் சேக்கிழார் புராணமும் ஒரு புராணமே என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் கொள்ளிடக்கரை ஆதனூரின் புலைப்பாடியை அவர் வருணிக்கும் விதம் நிலமும் உரிமையும் அறிந்தவரின் விதம். பழைய வைக்கோல் வேய்ந்த குடில், கூரைமேல் சுரைக்கொடி, உலரும் தோல்வார், தோலில் படுத்துறங்கும் குழந்தை, மரக்கிளையில் தொங்கும் பறை. வயல் வளமும் பூவும் பாடுவது எல்லாப் புலவருக்கும் பழகிய வழி. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. உலரும் தோல் அந்த வழக்கத்துக்குள் அடங்காது. வருணனையில் நம்பத்தக்கது எது என்று கேட்டால், மரபு கேட்காததை நம்பு என்பதே என் விடை.

அதைவிட முக்கியமான ஒரு செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். ஊர் விட்டுக்கொடுத்த பறைத்துடவையே நந்தனின் உணவுரிமை. அதாவது ஊர்ப்பணிக்கு ஈடாக விடப்பட்ட நிலத்தின் பயனில் அவர் வாழ்ந்தார். கோயில்களுக்கு அவர் கொடுத்தது பேரிகைக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. கோயிலின் ஓசையில் பாதி சேரியிலிருந்து போகிறது. கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். பக்தியை நிறுவ இந்தத் துடவைச் செய்தி தேவையே இல்லை. கதைக்குத் தேவைப்படாமல் வந்ததால்தான் சான்றாக அதற்குப் பலம் அதிகம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், இறை விதிக்கப்படாத நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தோடும் சுடுகாட்டோடும் பறைச்சேரியையும், சில ஊர்களில் தீண்டாச்சேரியையும் குறிப்பிடுகின்றன. சேரி தனியாக இருந்தது என்பதற்குப் புராணமும் கல்லும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆனால் இவை காட்டுவது சோழர் காலத்துச் சேரியை. சுந்தரர் காலத்துக்கு முந்திய நந்தன் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு இவை சாட்சியாகா.

இனி அற்புதங்கள். திருப்புன்கூரில் வாசலில் நின்று வணங்குபவருக்கு நந்தி மறைக்கிறது. இறைவன் அதை விலகச் செய்கிறார். அந்தக் கோயிலில் நந்தி இன்றும் நேர்கோட்டில் இல்லை. சிலையின் இருப்பைப் பார்த்துக் கதை பிறந்ததா, கதையைக் கேட்டுச் சிலை நகர்ந்ததா என்பது தீராத கேள்வி. அது தீராவிட்டாலும் அற்புதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறது: நந்தி நகர்ந்தது, நந்தன் நகரவில்லை. உள்ளே வரக்கூடாது என்ற விதியை இறைவனும் தொடவில்லை. அதே தலத்தில் பள்ளமான இடம் பார்த்து நந்தன் குளம் தோண்டியதாகச் சேக்கிழார் சொல்கிறார்; அது வெறும் உடலுழைப்பு. பிற்காலத் தலக்கதையில் அந்தக் குளத்தை வெட்ட விநாயகர் துணைக்கு வந்துவிட்டார். மனிதர் செய்த வேலையைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவது நாற்பது வேலிக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

தில்லையிலும் விதியே கதையை நடத்துகிறது. கனவில் இறைவன் கட்டளையிட, தில்லைவாழந்தணர் தெற்கு மதில் வாயிலுக்குப் புறத்தே தீ அமைக்கிறார்கள். நந்தன் அதில் மூழ்கிப் பூணூலும் சடையுமாக எழுகிறார். பிறகே உள்ளே போகிறார். தீ மதிலுக்கு வெளியே எரிகிறது என்ற இடக்குறிப்பில் அன்றைய சமூகம் தெரிகிறது. புலையராகவே ஒருவர் உள்ளே போவதைச் சேக்கிழாரின் பக்தியாலும் எழுத முடியவில்லை. நந்தனை எரித்துக் கொன்றார்கள், அதை மறைக்கவே இந்தக் கதை என்று இன்று பலர் எழுதுகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் நம்பியிடம் தீயே இல்லை என்பதால், தீயிலிருந்து ஒரு கொலைக்குப் பின்னோக்கிப் போக நூல்வழி கிடையாது. கோயில் நுழைவுத் தடைக்கு இந்தப் பகுதி உறுதியான சான்று. ஒரு குறிப்பிட்ட மரணத்துக்குச் சான்றல்ல.

ஆண்டை வருவது 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில். அவர் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். காவிரிப் படுகையின் மிராசுகளையும் பண்ணையாட்களையும் கண்ணால் பார்த்தவர். பெரிய புராணத்திலிருந்து விலகியதாலேயே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். புலவரின் குறை வரலாற்றாய்வாளருக்கு லாபம். விலகிய இடங்களில்தான் பாரதியின் காலம் பேசுகிறது. சேக்கிழாரின் நந்தனைத் தடுத்தது பிறப்பு மட்டுமே. போகலாமா என்று எந்த மனிதரிடமும் அவர் கேட்கவில்லை, தன் குலத்தை நினைத்துத் தானே தயங்கி நாளை நாளை என்கிறார். பாரதியின் நந்தனைத் தடுப்பது வேலை. இந்தியாவில் அடிமை முறையின் சட்ட ஏற்பை நீக்கிய 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. பண்ணையாள் இன்னும் பண்ணையை விட்டு எளிதில் போக முடியாது. அற்புதம் இப்போது கோயில் வாசலிலிருந்து வயலுக்கு இடம் மாறுகிறது, ஏனென்றால் தடையும் அங்கே இடம் மாறிவிட்டது.

அதே ஆண்டுகளில்தான் அந்தச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே ஆட்கள் கண்டிச் சீமைக் கோப்பிக் காடுகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் கங்காணியின் கடன் தொடர்ந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றில் பேர் பதிய ‘துண்டு’ வேண்டும். கடன் தீர்ந்தால்தான் ஆள் விடுபடுவார் என்பதற்கான சீட்டு அது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. பெரிய புராணத்து நந்தனைவிட பாரதியின் நந்தன் நமக்கு நெருக்கமாகத் தெரிவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த நெருக்கத்தை எச்சரிக்கையோடு கையாள வேண்டும்: ஆண்டையைச் சோழர் காலத்துக்குக் கொண்டுபோனால், பறைத்துடவை என்ற ஊருரிமை நம் கண்ணில் படாமலே போய்விடும். அந்தத் துடவை எப்போது, எந்த ஊரில், யார் கைக்குப் போனது என்பதைப் புராணங்கள் சொல்லவில்லை. அதைக் காவிரிப் படுகையின் கல்வெட்டுகளிலும் பிற்கால நில ஆவணங்களிலும்தான் ஊர் ஊராகத் தேட வேண்டும்.