குணமடைந்த பின்னரும் 'பொசிட்டிவ்': பி.சி.ஆர். அறிக்கையின் எண் உணர்த்துவது என்ன?

காய்ச்சல் தணிந்து, இருமல் நின்று, பழையபடி தொழிலுக்குத் திரும்ப ஆயத்தமான ஒருவருக்கு மூன்றாவது வாரத்தில் மீண்டும் 'பொசிட்டிவ்' என்று பி.சி.ஆர். அறிக்கை வந்தால் அவர் என்ன செய்வார்? 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் இக்கேள்வி பலரைத் தடுமாற வைத்தது. திருகோணமலைத் துறைமுகத்தையும் கடற்றொழிலையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கும், மூதூர், கிண்ணியாப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோருக்கும் அந்த ஒரு சொல் ஊழியத்தையும் பயணத்தையும் தீர்மானிக்கும் சொல்லாக இருந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கோ அதனிலும் பாரதூரமான ஒன்று அதில் தங்கியிருந்தது. அதனைப் பின்னர் குறிப்பிடுவோம்.

அறிக்கையில் அச்சொல்லுக்கு அருகே சில வேளைகளில் Ct என்ற குறியும் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பலரும் கவனியாது விடும் அந்த எண்ணிலேதான் விளக்கத்தின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

மூக்கின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியினால் எடுக்கப்படும் மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ. முதலில் பிரித்தெடுக்கப்படுகின்றது. பின்னர் அது டி.என்.ஏ.யாக மாற்றப்பட்டு, இயந்திரத்தில் மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கப்படுகின்றது. இவ்வாறான ஒவ்வொரு சுற்றிலும், தேடப்படும் துண்டு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்துச் சுற்றில் ஆயிரத்தையும் இருபது சுற்றில் பத்து இலட்சத்தையும் தாண்டிவிடும். பெருகும் துண்டுகளுடன் ஒளிர்வும் கூடுகின்றது. அந்த ஒளிர்வு குறித்த எல்லையைக் கடக்கும் சுற்றின் எண்ணையே சி.டி. பெறுமானம் என்கின்றனர். மாதிரியில் வைரஸ் அதிகமாக இருந்தால் சில சுற்றுகளிலேயே எல்லை எட்டப்படும். குறைவாக இருந்தால் பல சுற்றுகள் வேண்டும். ஆகவே எண் சிறிதானால் வைரஸ் அதிகம், எண் பெரிதானால் வைரஸ் குறைவு. இந்தத் தலைகீழ்க் கணக்கே பலரைக் குழப்புகின்றது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். துறைமுகத் தொழிலாளி ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளில் சி.டி. 19 எனவும், இருபத்தோராம் நாளில், நோயின் அறிகுறி எதுவுமற்ற நிலையில், 36 எனவும் வருவதாகக் கொள்வோம். இரண்டு அறிக்கைகளிலும் 'பொசிட்டிவ்' என்ற சொல் ஒன்றே. ஆனால் இடைப்பட்ட பதினேழு சுற்றுகளும் பதினேழு இரட்டிப்புகளாகும். அதாவது முதல் மாதிரியில் இருந்ததில் ஏறக்குறைய ஒரு இலட்சத்து முப்பதாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே இரண்டாவதில் இருந்தது. இதையே பலவீனமான பொசிட்டிவ் என்கின்றனர்.

அந்த ஒரு பங்கும் ஏன் எஞ்சி நிற்கின்றது? கொரோனா வைரஸின் முழு மரபுச் சரம் ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள் நீளமானது. வைரஸ் இன்னொருவரைத் தொற்றுவதற்கு அச்சரம் முழுமையாகவும் அதன் மேலுறை சிதையாமலும் இருத்தல் வேண்டும். பி.சி.ஆர். தேடுவதோ அதில் நூறு எழுத்துகள் அளவிலான ஒரு சிறு துண்டினை மாத்திரமே. நோயெதிர்ப்புச் சக்தி வைரஸை அழித்த பின்னரும், இறந்த கலங்களோடு அதன் துணுக்குகள் மூக்கிலும் தொண்டையிலும் வாரக்கணக்கில் உதிர்ந்துகொண்டிருக்கும். சிலரிடம் இது மூன்று மாதங்கள் வரையும் நீடித்துள்ளது. கொட்டியாரக் குடாவில் உடைந்த வள்ளமொன்றின் பலகை கரையொதுங்கினால், வள்ளம் இன்னும் ஓடுகின்றது என்று எவரும் கூறுவதில்லை.

'நேற்று நெகட்டிவ், இன்று பொசிட்டிவ். மீண்டும் நோய் வந்துவிட்டதா?' என்ற அச்சத்திற்கும் இதிலேயே விடையுண்டு. பிரித்தெடுத்த கரைசலில் பத்துத் துணுக்குகளே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அக்கரைசலில் பத்தில் ஒரு பங்கே இயந்திரத்தில் இடப்படுகின்றது. அந்தத் துளியில் சராசரியாக ஒரு துணுக்கே இருக்கும். மூன்றில் ஒரு தடவை ஒன்றுகூட இராது. ஆகவே ஒரே மனிதரின் ஒரே மாதிரி ஒருமுறை நெகட்டிவாகவும் மறுமுறை பொசிட்டிவாகவும் வருதல் இயல்பே. ஆய்வுகூடத்தின் கவனக்குறைவு என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை.

இது வெறும் ஊகமன்று. தென்கொரியாவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பு, குணமடைந்து வீடு திரும்பிய பின் மீண்டும் பொசிட்டிவாகக் காணப்பட்ட 285 பேரைப் பற்றிய ஆய்வினை 2020 மே மாதத்தில் வெளியிட்டது. அவர்களுள் 108 பேரின் மாதிரிகளைக் கலவளர்ப்பில் இட்டுப் பார்த்தபோது எதிலும் உயிருள்ள வைரஸ் வளரவில்லை. அவர்களோடு பழகிய 790 பேரைக் கண்காணித்தபோது, அவர்களால் மட்டுமே புதிதாகத் தொற்றுக்குள்ளானவர் எனக் கூறத்தக்க எவரும் கண்டறியப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 மே 27இல் தனது விதியை மாற்றியது. இருபத்து நான்கு மணித்தியால இடைவெளியில் இரு முறை நெகட்டிவ் வர வேண்டும் என்ற முந்தைய நிபந்தனைக்குப் பதிலாக, அறிகுறி தொடங்கிப் பத்து நாட்களும், அறிகுறி நீங்கிய பின் குறைந்தது மூன்று நாட்களும் கழிந்தால் போதும் என அறிவித்தது. முந்தைய விதியின் கீழ் எத்தனையோ பேர் வீணே வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர் என்பதே எமது கருத்தாகும்.

எனினும் அவ்வெண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தலும் தவறு. தொற்றின் முதல் நாளிலும் சி.டி. 35ஆக இருக்கலாம், இரண்டு மூன்று நாட்களில் அது 20 அளவிற்கு இறங்கிவிடும். குச்சி சரியான ஆழத்திற்குச் செல்லாவிட்டாலும் எண் பொய்யாக உயரும். வெவ்வேறு ஆய்வுகூடங்களின் இயந்திரங்களும் இரசாயனங்களும் வேறுபடுவதால், ஓரிடத்தின் 30ஐ இன்னோரிடத்தின் 30உடன் ஒப்பிடவும் இயலாது. ஏறும் காலமா, இறங்கும் காலமா என்பதை நோய் தொடங்கிய திகதியே காட்டும். திகதி தெரியாதவிடத்து, இரண்டு நாட்கள் கழித்து அதே ஆய்வுகூடத்தில் மீண்டும் பரிசோதித்தால், எண் சரிந்தால் புதிய தொற்றென்றும், உயர்ந்தால் அல்லது நெகட்டிவானால் பழைய எச்சமென்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

இனி முன்னர் குறிப்பிட்ட விடயத்திற்கு வருவோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் நோயினால் இறந்தவர்களின் உடல்களை மட்டுமன்றி, அதனால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவோரின் உடல்களையும் தகனம் செய்ய வேண்டும் எனக் கட்டளையிட்டது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அக்கட்டளை மாற்றப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பிக்கும் வரை, ஜனாஸா மண்ணுக்கா தீக்கா என்பதை அறிக்கையின் ஒரு சொல்லே முடிவு செய்தது. நோய் எப்போது தொடங்கியது, எண் எவ்வளவு, இறப்பிற்குக் காரணம் இதுதானா என்ற கேள்விகளுக்கு அக்கட்டளையில் இடமிருக்கவில்லை. துணுக்குகளையும் உயிருள்ள வைரஸையும் வேறுபடுத்திக் காட்ட இயலாத ஒரு பரிசோதனையின் மீது அத்துணை பெரிய சுமை ஏற்றப்பட்டது.

இன்புளுவென்சா, சாதாரண தடிமனை உண்டாக்கும் ரைனோ வைரஸ் ஆகியவற்றிற்கும் இன்று இதே முறையில் பரிசோதனை செய்யப்படுகின்றது. ரைனோ வைரஸின் துணுக்குகளும் தடிமன் விட்டுச் சில வாரங்கள் வரை காணப்படுவதுண்டு. ஆகவே வைத்தியரிடம் அறிக்கையைக் காட்டும்போது முதல் அறிகுறி தோன்றிய திகதியையும், முன்னைய அறிக்கை இருப்பின் அதனையும் சேர்த்துக் காட்டுதல் வேண்டும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மேற்கூறிய நாட்கணக்கிற்குள் அடங்கார். அவர்களுட் சிலரிடம் இருபது நாட்களுக்குப் பின்னரும் உயிருள்ள வைரஸ் வளர்ந்துள்ளமையால், அவர்களது பலவீனமான பொசிட்டிவை எச்சமெனத் தாமே ஒதுக்காது வைத்தியரின் முடிவுக்கே விட வேண்டும்.