முகம் மூடிய ஹெல்மட்டா, திறந்த ஹெல்மட்டா?

கோமாரியிலிருந்து கல்முனைக்கு வாரத்தில் நான்கு நாட்கள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். அக்கரைப்பற்று வரை பெரும்பாலும் திறந்த வெளி. அதற்குப் பிறகு நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று சந்தையும் சனமும். இந்த வீதியில் பலரும் முகம் திறந்த ஹெல்மட்டையே போடுகிறார்கள். காரணம் கேட்டால், "வெக்கை" என்பார்கள்.

வெக்கை மட்டும் காரணமல்ல. யுத்த காலத்தில் அப்பாவின் பின்னால் அமர்ந்து போகையில், சோதனைச்சாவடி தெரிந்ததும் அவர் ஹெல்மட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுவார். முகம் மூடியவன் சந்தேகத்துக்குரியவன் என்பது அன்று பதிந்த பாடம். யுத்தம் முடிந்த பின்பும் அது விடவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு குற்றங்கள் நடக்கின்றன என்று கூறி, 2015இல் பொலிஸார் முழு முகத்தையும் மூடும் தலைக்கவசத்துக்குத் தடை அறிவித்தார்கள். விஷயம் நீதிமன்றம் போனது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை இடைநிறுத்தியது. ஆனாலும் "அது கூடாதாம்" என்று இன்றும் சொல்பவர்களைச் சந்திக்கிறேன்.

நானும் திறந்ததையே போட்டேன், கடந்த மாரியில் விழும்வரை. பொழுதுபட்ட நேரம், தாண்டியடிப் பக்கம், வீதியில் மாடுகள். வேகம் நாற்பதுக்கு மேல் இருக்காது. பிரேக் பிடித்ததும் முன்சில்லு வழுக்கி, முகம் குப்புற விழுந்தேன். தலைக்கு ஒன்றுமில்லை, ஹெல்மட் தன் வேலையைச் செய்தது. நாடியில் ஆறு தையல், முன்பல் இரண்டு போயின.

இது என் துரதிர்ஷ்டம் மட்டுமல்ல. ஜேர்மனியின் ஹனோவரில் டீட்மார் ஒட்டே என்பவர் விபத்தில் சிக்கிய முழு ஹெல்மட்டுகளை ஆராய்ந்தபோது, அடிபட்ட இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தாடைப் பகுதியாக இருந்தது. திறந்த ஹெல்மட்டில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. அதற்காகத் திறந்தது வீண் என்று அர்த்தமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மட் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைப்பதாகச் சொன்னது. எந்த வகை மேலானது என்று தீர்ப்புச் சொல்ல, அதற்குக் கிடைத்த சான்றுகள் போதவில்லை. எனவே கேள்வி உயிரைப் பற்றியது என்பதைவிட, முகத்தைப் பற்றியது.

விழுந்த பிறகு முழு ஹெல்மட்டுக்கு மாறினேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஓடும்போது நாடிப் பக்கத்துத் துவாரம் வழியே காற்று வரும். கல்முனை பஸாரில் ஊரும்போது வராது. அங்கே கண்ணாடியை முழுதாக உயர்த்திவிடுகிறேன். வெள்ளை நிறம் கறுப்பைவிட வெயிலைக் குறைவாக உறிஞ்சும். கழற்றிக் கழுவக்கூடிய உள்துணியாக இருந்தால் வியர்வை நாற்றமும் அரிப்பும் குறையும்.

மாரியில் பிரச்சினை வேறு. திறந்த ஹெல்மட்டில் மழைத்துளி முகத்தில் ஊசியாய்க் குத்தும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட வேண்டும். முழு ஹெல்மட்டில் மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் புகையாய்ப் படியும். கண்ணாடியை ஒரு படி மட்டும் திறந்து, நாடித் துவாரத்தையும் திறந்து வைத்தால் பெரும்பாலும் தீரும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியை உட்புறத்தில் பூசி, மெல்லிய துணியால் தெளிவாகும்வரை துடைத்தாலும் சில நாட்களுக்குப் படியாது. எதிரே வரும் வாகன வெளிச்சம் இரவில் நட்சத்திரம்போல் சிதறினால் கண்ணாடி கீறலாகிவிட்டது, மாற்றுங்கள். கறுப்புக் கண்ணாடியை இரவில் போடவே வேண்டாம்.

கடையில் எந்த வகையை எடுத்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது தலையில் நிற்குமா? புருவத்துக்குச் சற்று மேலே நாடாவால் அளந்து அளவை எடுங்கள். பர்தா அணியும் சகோதரிகள் மெல்லிய பருத்தித் துணியோடேயே போட்டுப் பார்க்க வேண்டும். தலையில் குத்தும் ஊசிகளைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் அவையே காயமாக்கும். பட்டியைப் பூட்டிய பிறகு, பின்னாலிருந்து ஹெல்மட்டை மேலே தூக்கி முன்பக்கமாக உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவல்ல. உள்ளே தட்டினால் வெறும் பஞ்சு மட்டும் இருக்கிறதா, ரிஜிபோம் போன்ற கெட்டியான படை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியைத் தாங்குவது அந்தப் படைதான். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே தெரியாமலே அது நசிந்துவிடும், பிறகு உதவாது.

கோமாரிக்குள் கடைத்தெருவுக்குப் போய்வர மட்டும் என்றால், நன்றாகப் பூட்டிய திறந்த ஹெல்மட் போதும் என்று யாராவது சொன்னால் நான் சண்டை பிடிக்க மாட்டேன். அக்கரைப்பற்றைத் தாண்டுபவர்களுக்கு என் நாடியைக் காட்டுவேன்.