லைக் எண்ணை ஏன் மறைக்கிறார்கள்?

யூட்யூபில் சில வீடியோக்களில் கட்டைவிரல் படத்துக்குப் பக்கத்தில் எண்ணே இருக்காது, கவனித்திருப்பீர்கள். லட்சம் பேர் பார்த்த வீடியோவில்கூட "லைக்" என்ற வார்த்தை மட்டும்தான் நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது.

ஆரம்பத்தில் யூட்யூபில் லைக்கே கிடையாது. ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் முறைதான் இருந்தது. 2009-ல் கணக்கைப் பார்த்தால், விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஐந்து நட்சத்திரம்! பிடித்தவர்கள்தான் மெனக்கெட்டு மதிப்பெண் போட்டார்கள், மற்றவர்கள் பேசாமல் போய்விட்டார்கள். அதனால் 2010-ல் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு லைக், டிஸ்லைக் என்று இரண்டே பொத்தான் வைத்தார்கள். இப்போது "பிடிக்கவில்லை" என்று சொல்வதும் ஒரு சொடுக்கு வேலைதான். அதுவே பிறகு ஆயுதமாகவும் ஆனது.

நம் ஊர் உதாரணம் 2020-ல் நடந்தது. கொரோனா சமயத்தில் ஜே.இ.இ., நீட் தேர்வுகளைத் தள்ளிவைக்கக் கேட்ட மனுவை ஆகஸ்ட் 17 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்ட் 30 அன்று பிரதமரின் 'மன் கி பாத்' உரை. அதில் பொம்மைத் தொழில் பற்றிப் பேசினார், நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைக்கூடப் பாராட்டினார். மாணவர்கள் காத்திருந்த தேர்வு விஷயம் மட்டும் வரவில்லை. பா.ஜ.க.வின் யூட்யூப் சானலில் இருந்த அந்த வீடியோவில் டிஸ்லைக் லட்சக்கணக்கில் ஏறி லைக்கைத் தாண்டியது. அதில் இந்தியாவிலிருந்து வந்தது 2 சதவீதம்தான் என்றார் கட்சியின் ஐ.டி. பிரிவுத் தலைவர் அமித் மாளவியா. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இதைச் சரிபார்க்க வழியில்லை. யார் எந்த நாட்டிலிருந்து அழுத்தினார் என்பதைப் பொது எண் சொல்லாது.

அடுத்து அக்டோபர் 20 அன்று பிரதமர் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அதே சானலில் டிஸ்லைக் ஏற ஆரம்பித்ததும் எண்கள் மறைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இந்த இடத்தில் பலர் குழம்பி, "பொத்தானையே எடுத்துட்டாங்க" என்றார்கள். எண்ணை மறைப்பது வேறு, பொத்தானை எடுப்பது வேறு.

நான் படிக்கும் காமர்ஸ் பாஷையில் சொன்னால், பேரேட்டில் பதிவு நடந்துகொண்டே இருக்கிறது, கடை வாசலில் தொங்கிய பலகையை மட்டும் கழற்றிவிட்டார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தலாம், அது கணக்கில் ஏறும், வீடியோவின் சொந்தக்காரர் தன் ஸ்டூடியோவில் அதைப் பார்ப்பார். பார்வையாளருக்கு மட்டும் தெரியாது. ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் விவரப் பக்கத்தில் `Show how many viewers like this video` என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்தால் போதும். ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாகச் செய்யலாம். திரும்ப டிக் வைத்தால் எண் மறுபடி வந்துவிடும், எதுவும் அழிந்திருக்காது.

இந்த அமைப்பின் அர்த்தம் 2021-ல் மாறிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் யூட்யூப் நிறுவனமே எல்லா வீடியோக்களிலும் டிஸ்லைக் எண்ணைப் பொதுமக்களுக்கு மறைத்தது. கும்பலாகச் சேர்ந்து டிஸ்லைக் போடும் தாக்குதலில் சின்ன சானல்கள்தான் அதிகம் அடிவாங்குகின்றன என்று காரணம் சொன்னது. அதற்கு முன்பு மறைத்தால் லைக்கும் டிஸ்லைக்கும் சேர்ந்தே போகும், அதனால் "டிஸ்லைக் அதிகமோ?" என்று சந்தேகப்படுவதில் நியாயம் இருந்தது. இன்று டிஸ்லைக் ஏற்கனவே தெரியாது, மறைக்க மிச்சமிருப்பது லைக் மட்டும்தான்.

அப்படியும் ஏன் மறைக்கிறார்கள்? ஒரு லட்சம் பார்வைக்கு 200 லைக் என்றால் 0.2 சதவீதம். அந்த விகிதம் கண்ணை உறுத்தும், பார்வை உண்மையானதா என்ற கேள்வியும் வரும். புதிதாகத் தொடங்கியவர் "7 லைக்" என்று காட்டக் கூச்சப்பட்டும் மறைக்கலாம். ஆக, எண் இல்லாததை வைத்து மட்டும் "ஏதோ தப்பு" என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

என் கருத்து: தனி ஆள் மறைத்தால் அது அவர் இஷ்டம். கட்சியோ அரசோ மக்களிடம் பேசும் வீடியோவில் மறைத்தால் நஷ்டம் பார்வையாளருக்கு. 2020-ல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு, தன்னைப் போல் இன்னும் எத்தனை பேர் என்று காட்டியது அந்த ஒரு எண்தான். மறைத்த பிறகும் அவன் அழுத்தலாம், ஆனால் அவன் தனி ஆளா, லட்சத்தில் ஒருவனா என்பது சானல்காரருக்கு மட்டும்தான் தெரியும்.