தேயிலையும் கறுவாவும்: கண்டியில் இரண்டு வரவேற்புகள்

கண்டிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் இரண்டு இடங்களில் வழிகாட்டியின் பேச்சைக் கேட்கிறார்கள். ஒன்று நகரைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலை. மற்றது மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டம். கைகூப்பி "ஆயுபோவன்" சொல்வதும், குடிக்க ஏதாவது கொடுப்பதும் இரண்டுக்கும் பொது. அதற்குப் பிறகு வரும் பத்து நிமிட விளக்கத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

தேயிலை ஆலையில் இயந்திரங்கள் நிற்கும் வரிசையே பேச்சின் வரிசை. மேல் மாடியில் கொழுந்து வாட்டப்படுகிறது, கீழே உருட்டப்படுகிறது, பிறகு காற்றில் நிறம் மாற விடப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. வழிகாட்டி நடந்தாலே கதை தானாக நகரும். ஆனால், உருட்டும் இயந்திரத்தின் அருகே நின்று எவ்வளவு கத்தினாலும் பின்வரிசையில் நிற்பவருக்குக் கேட்காது. தலை மட்டும் ஆடும். அப்படித் தலையாட்டுபவர் கேள்வி கேட்பதில்லை என்பதே அவருக்குக் கேட்கவில்லை என்பதற்கு அடையாளம். பச்சைத் தேநீரும் கறுப்புத் தேநீரும் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றன, ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற இரண்டையும் வாசலிலேயே, சத்தம் தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். கொழுந்து வராத நாளுக்கு மறுநாள் உருட்டும் இயந்திரம் ஓடாது. அதையும் அங்கேயே சொல்லிவிட்டால் பயணி ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

வாசனைத் தோட்டத்தில் இயந்திரமும் இல்லை, வரிசையும் இல்லை. வழிகாட்டி ஓர் இலையைக் கசக்கி நீட்டி, "மணந்து பாருங்கள், என்னவென்று சொல்லுங்கள்" என்கிறார். சாதிக்காயைப் பிளந்து, கொட்டையைச் சுற்றிய சிவந்த சாதிபத்திரியைக் காட்டுகிறார். கறுவாக் கிளையின் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் தேய்த்து, உட்பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார். மொழி அரைகுறையாக இருந்தாலும் கை பேசிவிடுகிறது. இலங்கைக் கறுவாவை மற்றப் பட்டையிலிருந்து பிரித்தறிவதும் கையாலேயே நடக்கும். மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உதிர்வது நம் கறுவா. தடித்த ஒற்றைப் பட்டையாகச் சுருண்டு, எளிதில் உடையாதது கசியா. பயணி ஊருக்குத் திரும்பியபின் தன் கடையில் சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவு இது. இவ்வளவு நல்ல விளக்கம் தேயிலை ஆலையில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இதே தோட்டத்தில் பேச்சு செடியைவிட்டுக் களிம்புக்கும் தைலத்துக்கும் தாவும்போது தடம் புரள்கிறது. இது மூட்டுவலியைப் போக்கும், அது முடியை நீக்கும் என்று அடுக்கும்போது, கறுவாவைப் பற்றிச் சொன்ன உண்மையையும் பயணி சந்தேகிக்கத் தொடங்குகிறார். செடியை அறிந்தவர் செடியோடு நிற்க வேண்டும். மருந்து வாக்குறுதி வழிகாட்டியின் வேலையல்ல.

தேயிலை வழிகாட்டி இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கையை. பச்சைக் கொழுந்து, வாட்டிய கொழுந்து, உருட்டியது என மூன்று பிடிகளைப் பயணியின் உள்ளங்கையில் வையுங்கள். வாட்டியதை இறுகப் பிடித்து விடுவித்தால் சற்றுநேரம் உருண்டையாக நின்று மெல்ல விரியும், காம்பு ஒடியாமல் வளையும். சரியாக வாடிய கொழுந்துக்கு அதுதான் அடையாளம். பச்சைக் கொழுந்தின் காம்போ பட்டென்று ஒடியும். இதைச் செய்துகாட்ட ஒரு நிமிடம் போதும், மொழி அதிகம் தேவையில்லை.

இன்னொரு குறை எனக்கு மிகவும் வலிப்பது. தேயிலை விளக்கங்கள் வழக்கமாக 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட ஜேம்ஸ் டெய்லரோடு தொடங்கி, உடனே இயந்திரத்துக்குப் போய்விடுகின்றன. ஹந்தானையில் 1925ஆம் ஆண்டின் பழைய ஆலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகம் டெய்லரின் உடைமைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. ஆனால் கோப்பித் தோட்டக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்து, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் வழிவந்து, இன்றும் கூடை சுமக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடத்தில் ஒரு வாக்கியமாவது வர வேண்டும். "இந்தக் கொழுந்தைப் பறித்தவர்களில் பலரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்" என்பது போதும். கறுவா உரிப்பவரையும் இப்படியே அறிமுகப்படுத்தலாம்.

தோட்டங்களில் வேலைசெய்யும் தமிழ் இளைஞர்கள் பலர் இப்போது வழிகாட்டிகளாகவும் நிற்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: "ஆயுபோவன்" சொன்ன அதே மூச்சில் "வணக்கம்" என்றும் சொல்லுங்கள்.